ஸ்பெயின் டிஐஇ கார்டு அப்பாயின்ட்மென்ட்: எந்த வரியை செலக்ட் பண்றது?

கேள்வி: ஸ்பெயின் வந்து விசா ஓகே, டிஐஇ கார்டுக்கு சைட்ல புக் பண்ணப் போனா போலீஸ்னு ரெண்டு மூணு வரி இருக்கு, எதை எடுக்கணும்? ஸ்லாட்டும் இல்லங்குது.

டிஐஇங்கிறது வெளிநாட்டுக்காரங்களுக்கான அடையாள அட்டை. புதுசா கார்டு எடுக்கறவங்க `TOMA DE HUELLAS`னு வர்றதைத்தான் எடுக்கணும், அது கைரேகை குடுக்கற ஸ்லாட். `RECOGIDA`ன்னு இருந்தா அது ரெடியான கார்டை வாங்கிக்கற ஸ்லாட், அதை முதல்லயே எடுத்துட்டுப் போனா திருப்பி அனுப்பிடுவாங்க. ஆஸ்பத்திரில ரத்தம் குடுக்க ஒரு டோக்கன், ரிப்போர்ட் வாங்க வேற டோக்கன், அந்த மாதிரிதான்.

`no hay citas disponibles`னு வந்தா பயப்படாதீங்க, உங்க விண்ணப்பத்துல குத்தம்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஸ்லாட் தனித்தனி, இருக்கறது தீர்ந்துருச்சுன்னு மட்டும்தான் சொல்லுது. புது ஸ்லாட் மொத்தமா விடுவாங்க, யாராவது கேன்சல் பண்ணாலும் திரும்ப வரும், அதனால வேற வேற நேரத்துல பாருங்க, ஆனா நீங்க குடியிருக்கற மாகாணத்தை மாத்தாதீங்க.

போறப்ப `EX-17` ஃபாரம், பாஸ்போர்ட், ஃபோட்டோ, `790` படிவத்துல `012` கோடுக்கு பேங்க்ல பணம் கட்டின ரசீது, புக்கிங் பிரிண்ட் எல்லாம் வேணும். ஸ்பெயினுக்குள்ள வந்து ஒரு மாசத்துக்குள்ள கார்டுக்கு விண்ணப்பிக்கணும்ங்கிறது ரூல், அதனால ஸ்லாட் தேடறதை தள்ளிப் போடாதீங்க.

அந்த `790` பணம் ஸ்லாட்டுக்கான காசுன்னு நிறைய பேர் நெனச்சுக்கறாங்க, அது கார்டுக்கான கட்டணம், அரசு சைட்ல அப்பாயின்ட்மென்ட் போடறது இலவசம்தான்.