சமாதானத்துக்காக மாற்றிச் சொன்ன ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

மாமனார், என் கணவர், கொழுந்தனார் குடும்பம், என் மகன் என்று எல்லோரும் ஒரே வீட்டில் வாழ்கிறோம். பூர்வீக நிலத்தை விற்றுத் தொழில் தொடங்க வேண்டும் என்கிறான் 24 வயது மகன். கடனை அடைக்கும் அளவுக்கு ஒரு பகுதியை மட்டும் விற்கலாம் என்கிறார் கணவர். 78 வயது மாமனாரோ, "நான் போன பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்" என்கிறார். மூவரும் நேரில் பேசுவதில்லை. என்னிடம்தான் சொல்லி அனுப்புகிறார்கள். சண்டை வேண்டாமே என்று, மாமனார் மறுத்ததை "தாத்தா யோசிக்கிறார்" என மகனிடம் மாற்றிச் சொன்னேன். அவன் அதை நம்பி, நிலத்தை அளக்க ஆட்களை அழைத்து வந்துவிட்டான். மூன்று வாரமாக மாமனார் எங்களோடு அமர்ந்து உண்பதில்லை, இரவில் தூங்குவதுமில்லை. எல்லாம் என்னால்தானே?

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதியவர் ஒருவருக்குப் பசியும் உறக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்திருந்தால், அதை வெறும் கோபம் என்று விட்டுவிடக் கூடாது. மனச்சோர்வாகவோ வேறு உடல்நோயாகவோ இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள். "நான் போன பிறகு" என்று அவர் சொல்வதன் பொருளையும், வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்பதையும் அவரிடம் நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது; பெரும்பாலும் பாரம்தான் குறையும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருவருக்கு இடையே தாங்க முடியாத இறுக்கம் வரும்போது மூன்றாவது ஆளை நடுவே இழுத்துக்கொள்வதைக் குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவரான மரே போவன் 'முக்கோணம்' என்று அழைத்தார். அந்த மூன்றாமவர் இருக்கும் வரை வீடு அமைதியாகத் தெரியும். ஆனால் உரியவர்கள் இருவரும் அதைத் தமக்குள் பேசித் தீர்க்கும் வாய்ப்பே வராது. நீங்கள் சொல்லை மாற்றியது தவறுதான். எனினும் அந்த இடத்தில் யார் நின்றாலும் சொற்களின் கூர்மையை மழுக்கித்தான் கடத்தியிருப்பார்கள் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும்.

எனவே மகனையும் மாமனாரையும் தனித்தனியே சந்தித்து, நடந்ததை அப்படியே சொல்லிவிடுங்கள். மகன் தன்னை மதிக்காமல் ஆட்களை அழைத்து வந்ததாகவே தாத்தா இன்றுவரை எண்ணிக்கொண்டிருப்பார். அந்த ஒரு முடிச்சை அவிழ்க்க உங்களால் மட்டுமே முடியும். அதன் பிறகு யார் எதைச் சொல்லி அனுப்பினாலும், "இதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள், நான் உடன் இருக்கிறேன்" என்ற ஒரே பதிலைச் சொல்லுங்கள். சில வாரங்களுக்கு எல்லோரும் உங்கள் மீது சினம் கொள்வார்கள். பழைய ஏற்பாடு குலையும்போது எந்தக் குடும்பமும் அதை மீட்கவே முயலும். அந்தச் சினத்துக்கு அஞ்சி மீண்டும் தூது போய்விட்டால், அடுத்த முறை விடுபடுவது இன்னும் கடினமாகும்.

தாத்தாவும் பேரனும் நேரில் அமரும் முதல் நாளில் விலையோ பங்கோ பேசப்படக் கூடாது. அந்த நிலம் எப்படி வந்தது, எதை இழந்து அதைக் காப்பாற்றினார் என்று பேரன் கேட்கட்டும், கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லி, "சரியாகப் புரிந்துகொண்டேனா?" என்று உறுதிசெய்த பிறகே தன் அச்சத்தைச் சொல்லட்டும். விற்கக் கூடாது என்பதன் அடியில், இறந்துபோன தந்தைக்குக் கொடுத்த வாக்கு இருக்கலாம். தன்னைக் கேளாமலே எல்லாம் முடிந்துவிடும் என்ற பயமும் இருக்கலாம். முதலாவதை மாற்றுவது கடினம். இரண்டாவது, கேட்கப்பட்டாலே பெருமளவு தணியும். கடனைப் பற்றிய கணக்கை உங்கள் கணவர் அடுத்த அமர்வில், கொழுந்தனாரும் இருக்கும்போது முன்வைக்கலாம்.

பேச்சு நல்ல வழியில் போகிறதா என்பதை மாமனாரின் சொற்களிலேயே கண்டுகொள்ளலாம். ஆண்டுகளையும் ஆட்களையும் நினைவுகூர்ந்து வாதாடினார் என்றால், அவர் இன்னும் உங்களோடு இருக்கிறார். "உங்கள் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்திட முன்வந்தால், அங்கே நிறுத்திவிடுங்கள். அது சம்மதமன்று, சோர்வு. அப்படிப் பெற்ற கையெழுத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் பேச்சற்றுப்போன குடும்பங்களை என் அறையில் கண்டிருக்கிறேன். சட்டப்படி யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை வழக்கறிஞரிடம் தனியே கேளுங்கள். அதற்கு என்னால் விடை தர இயலாது.

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மூவரின் கருத்தும் அதில் இருக்கிறது. நிலத்தை விற்கலாமா என்பதில் உங்கள் எண்ணம் என்ன என்பது மட்டும் ஒரு வரியில்கூட இல்லை. அந்த அமர்வுக்கு முன் அதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிறர் சொல்லை இத்தனை நாள் சுமந்த நீங்கள், அன்று உங்கள் கருத்தையும் அவர்கள் முன் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஆலோசகர்