காரணம் தெரியாவிட்டாலும் இன்றே பதில், முழுப் பதிலுக்கு ஒரு தேதி

"வீட்டிலேயே பால்கோவா செய்து கூரியரில் அனுப்புகிறேன். நேற்று இரவு கோவை வாடிக்கையாளர் ஒருவர், 'உங்க பால்கோவா சாப்பிட்டு பையனுக்கு ஒரே வாந்தி, டிரிப்ஸ் ஏத்தியிருக்கு' என்று போட்டோவுடன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 'எதையும் எழுத்தில் கொடுக்காதீங்க, தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்' என்கிறார் எங்கள் கணக்காளர். காரணமே தெரியாமல் நான் என்ன பதில் சொல்வது மேடம்?" - வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

உங்கள் கணக்காளர் சொன்னதைக் கேட்காதீர்கள். இதைப் படித்ததும் கோவை வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்புங்கள். புகார் கிடைத்தது என்று சொல்வது ஒன்று, தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்வது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறவர்கள்தான் பிறகு நுகர்வோர் ஆணையத்தில் திணறுகிறார்கள். அங்கே உங்கள் எதிராளி முதலில் நீட்டுவது, நீல டிக் விழுந்தும் பதில் வராத வாட்ஸ்அப் பக்கத்தைத்தான்.

நீங்கள் இணையம் வழியாகத் தொடர்ந்து வியாபாரம் செய்பவர். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. பிள்ளைக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது 48 மணி நேரம் எதற்கு? சில மணி நேரம் போதும். பெரிய நிறுவனங்கள் 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு, விதியைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்கின்றன. கேட்பாரில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் போன் செய்து பையன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். அப்புறம் இந்த மாதிரி எழுதுங்கள்:

"வணக்கம். செவ்வாய் இரவு நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. பால்கோவா சாப்பிட்ட பிறகு பையனுக்கு வாந்தி வந்து மருத்துவமனையில் சேர்த்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். கேட்டு மிகவும் வருந்துகிறேன். உங்கள் பெட்டியோடு ஒரே நாளில் செய்த பால்கோவா விற்பனையை இப்போதே நிறுத்திவிட்டேன். அதே நாள் சரக்கைப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். மீதியிருப்பதைத் தூக்கிப் போடாமல், ஃப்ரீசரில் வைக்காமல், ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் மூடி வையுங்கள். எப்போது சாப்பிட்டார்கள், வாந்தி எப்போது தொடங்கியது, வேறு யார் சாப்பிட்டார்கள் என்று சொல்லுங்கள். ஜூன் 12 வெள்ளி மாலை 5 மணிக்குள் முழுப் பதில் தருகிறேன். இடையில் எப்போது வேண்டுமானாலும் இந்த எண்ணில் என்னையே அழைக்கலாம்."

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். 'எங்கள் பால்கோவாவால்' இல்லை, 'எங்கள் பொருளில் பிரச்சினையே வராது' என்பதும் இல்லை. இரண்டுமே உங்களுக்கு இப்போது தெரியாது. பணம் தருகிறேன் என்ற பேச்சும் இல்லை, அது விசாரணை முடிந்த பிறகு.

அந்தத் தேதியை எப்படிப் பிடித்தேன்? ஜூன் 2 செவ்வாய் இரவு புகார் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன் அன்று மாதிரியை ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்புகிறீர்கள், வியாழன் போய்ச் சேர்கிறது. கிருமியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும், அதற்கே மூன்று நான்கு நாட்கள் போகும், நடுவில் ஞாயிறும் வரும். அறிக்கை 10-ம் தேதி கையில் வரலாம் என்று ஆய்வகம் சொன்னால், இரண்டு நாள் கூட்டி 12 என்று எழுதுங்கள். ஆய்வகத்தைக் கேட்காமல் வாயில் வந்த தேதியைச் சொல்லாதீர்கள். 'விரைவில்' என்றும் எழுதாதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் மக்கள் வக்கீலைத் தேடிப் போகிறார்கள். தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்தால் 12 வரை காத்திராமல் 11-ம் தேதியே காரணத்தோடு புதுத் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

அரசு ஆய்வகத்தை நம்பித் தேதி கொடுக்கவும் வேண்டாம். உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாட்களில் அறிக்கை தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அது எத்தனை முறை மீறப்படுகிறது என்று தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். உணவு வியாபாரத்துக்கான பதிவுச் சான்றிதழைக் கையில் கொடுக்கும்போதே, புகார் வந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கக்கூட இங்கே யாரும் இல்லை. அதனால் ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் என்ஏபிஎல் வாரியத்தின் அங்கீகாரம் உள்ள தனியார் ஆய்வகத்துக்குப் போங்கள்.

வாந்தி எப்போது தொடங்கியது என்று கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் நச்சு மீது சந்தேகம் வரும். சமைத்த பிறகு வெறும் கையால் தொட்டு, சூட்டோடு மூடி, வெக்கையில் கிடந்த பால் பண்டத்தில் அது உருவாகும். திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. கையில் வெட்டுக்காயம் இருந்தவர் பெட்டியில் அடைத்தாரா, எத்தனை மணி நேரம் ஆறவிட்டீர்கள், பார்சல் வழியில் எத்தனை நாள் கிடந்தது என்று இன்றே குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இங்கே ஒரு விலக்கை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். தேதி சொல்வது விளக்கத்துக்கு மட்டுமே, ஆபத்தைத் தடுப்பதற்கு அல்ல. அதே நாள் செய்த பால்கோவா பற்றி இன்னொரு வீட்டிலிருந்தும் புகார் வந்துவிட்டால், 12-ம் தேதி பற்றி யோசிக்கவே கூடாது. அன்றைய பெட்டி போன எல்லா வீட்டுக்கும் அதே மணி நேரத்தில் போன் போட்டு, 'சாப்பிட வேண்டாம், பணத்தைத் திருப்பித் தருகிறேன்' என்று சொல்லுங்கள். மெசேஜ் போதாது, போன்தான். எடுக்காவிட்டால் மறுபடி போடுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 28-ம் பிரிவும் இதையே சொல்கிறது: பொருள் பாதுகாப்பற்றது என்று எண்ணக் காரணம் இருந்தால் உடனே திரும்பப் பெற வேண்டும், அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். ஆய்வக அறிக்கை வரட்டும் என்று காத்திருந்தேன் என்ற சமாதானம் அப்போது எடுபடாது. ஒரே புகார்தான், ஆனால் ஒரே வீட்டில் சாப்பிட்ட மூன்று பேருக்கும் வாந்தி என்றாலும் இதே வேலைதான். பெட்டியைத் திறந்ததுமே புளித்த வாடை அடித்தது என்று இரண்டு பேர் சொன்னாலும் இதே வேலைதான். முகவரிப் பட்டியல் இல்லை என்றால் இன்று இரவே கூரியர் ரசீதுகளை எடுத்து எழுதுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. புகார் கொஞ்சம் வெளியே தெரிந்ததும் ஆட்கள் வருவார்கள். 'ரிவியூவை எடுத்துத் தருகிறேன்' என்று ஒருவர் மாதக் கட்டணம் கேட்பார். 'நுகர்வோர் சங்கத்திலிருந்து பேசுகிறேன், ஒரு தொகை கொடுத்தால் முடித்துவிடலாம்' என்று இன்னொருவர். 'உணவுப் பாதுகாப்பு அலுவலரை எனக்குத் தெரியும்' என்று மூன்றாமவர். இவர்களில் யாரும் புகார் கொடுத்தவரிடமிருந்து எழுத்தில் அனுமதி வாங்கி வந்திருக்க மாட்டார்கள். பத்துப் பைசா கொடுக்காதீர்கள். நேராக அந்தக் குடும்பத்தோடு மட்டும் பேசுங்கள். 'ரிவியூவை நீக்கினால்தான் பணம்' என்று நீங்களும் நிபந்தனை போடாதீர்கள். அது ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பி வரும்.

12-ம் தேதி பதிலில் நான்கு விஷயம் இருக்கட்டும்: என்ன பார்த்தோம், என்ன தெரிந்தது, இனி எதை மாற்றுகிறோம், உங்களுக்கு என்ன தருகிறோம். அறிக்கையின் நகலை இணையுங்கள், சாதகமாக இல்லாவிட்டாலும். பொருளில் கோளாறு என்று தெரிந்தால் மருத்துவமனை ரசீதைக் கேட்டு வாங்கிப் பணம் கட்டுங்கள், கட்டியதற்கு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு நாள் சரக்கிலும் பிரிக்காத பெட்டி ஒன்றைத் தேதி எழுதி, சாப்பிடச் சொன்ன கெடு முடியும் வரை ஃப்ரிட்ஜில் வையுங்கள். இந்த முறை அப்படி ஒன்று இல்லையென்றால், அனுப்பாமல் கையில் மீந்திருக்கும் பெட்டியை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். அதுவும் இல்லையென்றால் கோவை வீட்டில் இருப்பதை ஐஸ் போட்டு வரவழைக்க வேண்டியிருக்கும். செலவு உங்களுடையது.