ஏதோ 'னவ்னா' என்று முடியும்

கேள்வி: நான் ரஷ்யாவில் நிஸ்னி நோவ்கரத் நகரில் வேலை பார்க்கிறேன். ரஷ்யப் பெண்ணைக் கல்யாணம் செய்து மூன்று வருஷம் ஆகிறது. மனைவி இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மாமியார் பெயர் நீனா. அதோடு ஏதோ 'னவ்னா' என்று முடியும் நீளமான பெயர் ஒன்றும் உண்டு, வாயில் நுழையாததால் விட்டுவிட்டேன். அவருடைய அக்கா அவரை 'நீன்கா' என்று கூப்பிடுவார். அவர் பிறந்தநாள் விருந்தில் நானும் பாசமாக 'நீன்கா' என்றேன். மேஜையே அமைதியாகிவிட்டது. அதுவரை என்னை 'நீ' என்ற பொருளில் 'தி' என்று பேசியவர், அன்றிலிருந்து 'நீங்கள்' என்ற பொருளில் 'வி' என்று பேசுகிறார். மரியாதை கூடியிருக்கிறதே, பிறகு ஏன் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறார்?
- முருகன்

பதில்: தம்பி, 'நீன்கா'வைப் பிறகு பார்ப்போம். 'ஏதோ னவ்னா என்று முடியும்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த 'ஏதோ' ஒரு மனிதர். உங்கள் மாமியாரைப் பெற்ற அப்பா. மூன்று வருஷமாக அந்த வீட்டில் சாப்பிடுகிறீர்கள், அவர் பெயர் என்னவென்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

ரஷ்யர்களுக்குப் பெயர் மூன்று பாகம்: சொந்தப் பெயர், அப்பா பெயரிலிருந்து வரும் பெயர், குடும்பப் பெயர். நடுவில் இருப்பது நம் இனிஷியல் மாதிரி கடுதாசியோடு நிற்பதில்லை, ஒவ்வொரு நாளும் வாய்விட்டுச் சொல்வது. அப்பா ஸ்தெபான் என்றால் மகன் ஸ்தெபானவிச், மகள் ஸ்தெபானவ்னா. அப்பா செர்கேய் என்றால் மகள் செர்கேயவ்னா. இல்யா போல 'ஆ'வில் முடியும் பெயரானால் வடிவம் மாறி மகள் இல்யீனிச்னா ஆவாள். ஆசிரியர், மருத்துவர், மாமியார் எல்லோரையும் சொந்தப் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். உங்கள் மாமியாரின் அப்பா ஸ்தெபான் என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் சொல்ல வேண்டியது 'நீனா ஸ்தெபானவ்னா'. 'பா'வில் அழுத்தம் கொடுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும். வேகமாகப் பேசும்போது அவர்களே 'ஸ்தெபான்னா' என்று சுருக்கிவிடுவார்கள். இதுவா வாயில் நுழையாத பெயர்? வெறும் 'ஸ்தெபானவ்னா' என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். அது ஒத்த வயதுக் கிழவிகள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்வது.

இனி 'நீன்கா'. அந்த 'கா' விகுதி யார் வாயிலிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூடப் பிறந்தவர்களும் பள்ளித் தோழிகளும் சொன்னால் உரிமை. மற்றவர்கள் சொன்னால், நம் ஊரில் பெரியவரை 'ஏய்' என்று கூப்பிட்ட மாதிரி. இது பழைய காயம். ஜார் மன்னருக்கு மனு எழுதியவர்கள் தங்களை இவான் என்று எழுத முடியாது, 'உன் அடிமை இவாஷ்கா' என்று குறுக்கித்தான் எழுத வேண்டும். முதலாம் பீட்டர் 1701 கடைசியில்தான் அதை நிறுத்தினார். கெஞ்சிக் கொஞ்சும் 'நீனொச்கா' இருக்கிறதே என்று அதற்குத் தாவாதீர்கள். அது கணவன் மனைவியையும், பெரியவர்கள் சிறியவர்களையும் கூப்பிடுவது. மருமகனுக்கு அதுவும் கிடையாது.

'வி' மரியாதைதான், முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கும் மரியாதை. 'தி' என்று பிள்ளை போல நடத்தியவர் 'வி'க்குத் திரும்பினால் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். கோபமாகத் திட்டியிருந்தால்கூட இதைவிடத் தேவலாம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாமியாருடைய அப்பாவின் பெயரை இன்றைக்கே மனைவியிடம் கேளுங்கள். அதை வைத்து மாமியாரின் பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகுங்கள். பிறகு நேரில் போய், அந்த அக்காவும் கூட இருக்கும்போது, 'நீனா ஸ்தெபானவ்னா, இஸ்வினீத்தெ மென்யா' என்று மன்னிப்புக் கேளுங்கள். கடைசி 'த்தெ' முக்கியம், அதை விட்டால் 'இஸ்வினி' என்று ஒருமையாகிவிடும். சபையில் சொன்ன வார்த்தைக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்பதெல்லாம் வேண்டாம். நீங்களும் 'வி' என்றே பேசுங்கள். அவர் 'தி'க்கு வந்தாலும் நீங்கள் வர வேண்டாம். 'என்னை அம்மா என்றே கூப்பிடு' என்று அவராகச் சொன்னால் 'மாமா' என்று கூப்பிடலாம், ரஷ்ய மொழியில் அம்மாவுக்கு அதுதான் சொல். அப்போதும் 'வி' போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. எப்போது அழைப்பு வரும் என்று காத்துக்கொண்டிருக்காதீர்கள். வராமலே போகலாம், நீனா ஸ்தெபானவ்னா என்று ஆயுசு முழுக்கக் கூப்பிடும் மருமகன்கள் அங்கே நிறையப் பேர்.

இன்னும் இரண்டு மாதத்தில் உங்கள் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்கு ஒரு இடம் இருக்கும். பையன் என்றால் முருகனவிச், பெண் என்றால் முருகனவ்னா. அவள் டீச்சரானால் வகுப்பே எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொல்லும். அவளுக்கு வரும் மாப்பிள்ளை 'ஏதோ னவ்னா, வாயில் நுழையவில்லை' என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?