ஒரு நோயாளி சராசரியையே இழுக்கும்போது: பூட்ஸ்ட்ராப் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். 12 நோயாளிகள் வார்டில் தங்கிய நாட்கள் இவை: 1, 2, 2, 2, 3, 3, 3, 4, 4, 5, 7, 36. சராசரி 6 நாள். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போட்டால் −0.09 முதல் 12.09 என்று வருகிறது. தங்கிய நாள் எப்படி மைனஸில் போகும்? பூட்ஸ்ட்ராப் செய்து பார் என்கிறார்கள். அதை எப்படிச் செய்வது?

பதில்: உங்கள் கணக்கு சரிதான். திட்டப் பிழை 2.77, 12 பேருக்கான t மதிப்பு 2.2. இரண்டையும் பெருக்கினால் 6.09. அதைச் சராசரிக்கு இரு பக்கமும் ஒரே அளவில் வைப்பதுதான் அந்தச் சூத்திரம். உங்கள் தரவோ ஒரு பக்கம் 1-இல் முட்டி நிற்கிறது, மறு பக்கம் 36 வரை நீள்கிறது. சமச்சீரான இடைவெளி இதற்குப் பொருந்தாது. அந்த மைனஸ் அதைத்தான் காட்டுகிறது.

முதலில் அந்த 36-ஐக் கேஸ் ஷீட்டில் சரிபாருங்கள். 3 என்பதும் 6 என்பதும் ஒட்டிப் பதிவாகியிருந்தால் கதையே வேறு. உண்மையாகவே 36 நாள் தங்கியிருந்தால் அதை நீக்கக் கூடாது. அந்த நோயாளியும் படுக்கையில்தான் இருந்தார்.

அப்புறம் பூட்ஸ்ட்ராப். உங்கள் 12 எண்களிலிருந்து ஒன்றைக் கண்ணை மூடி எடுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், திரும்பப் போட்டுவிடுங்கள். இப்படி 12 முறை எடுத்தால் ஒரு மறுமாதிரி கிடைக்கும். திரும்பப் போடுவதால் ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை வரலாம், ஒருவர் வராமலே போகலாம். உதாரணத்துக்கு 3, 2, 7, 3, 1, 4, 3, 2, 5, 2, 4, 3 வந்தால் சராசரி 3.25. இன்னொரு முறை 36, 2, 3, 36, 1, 4, 2, 5, 3, 3, 7, 2 வந்தால் 8.67. இதைக் கணினியில் 10,000 முறை செய்து, கிடைத்த சராசரிகளை ஏறுவரிசையில் அடுக்கி, 250-ஆவது இடத்திலும் 9,750-ஆவது இடத்திலும் உள்ளவற்றை எடுத்தால் அதுதான் சதமான முறை இடைவெளி. உங்கள் தரவுக்கு அது சுமார் 2.6 முதல் 11.8 வரை வரும். மைனஸ் போய்விட்டது, மேல் பக்கம் கீழ்ப் பக்கத்தைவிட நீண்டிருக்கிறது.

R-இல் இவ்வளவுதான்:

```r
library(boot)
x <- c(1,2,2,2,3,3,3,4,4,5,7,36)
set.seed(1)
b <- boot(x, function(d, i) mean(d[i]), R = 10000)
boot.ci(b, type = c("perc", "bca"))
hist(b$t, breaks = 60)
```

கடைசி வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இடைவெளியைவிட அந்தப் படம்தான் உங்களுக்கு அதிகம் சொல்லும். அதில் ஒரே மேடு இருக்காது, தனித்தனி மேடுகளாக நிற்கும். சுமார் 35 சதவீத மறுமாதிரிகளில் அந்த 36 வராது, அவற்றின் சராசரி 3.3-ஐச் சுற்றி விழும். 38 சதவீதத்தில் ஒரு முறை வரும், அவை 6-ஐச் சுற்றி. 19 சதவீதத்தில் இரு முறை வந்து 8.7 பக்கம் போகும். கிட்டத்தட்ட 6 சதவீதத்தில் மூன்று முறை வந்து 11.5-ஐத் தொடும். ஆக, 11.8 என்ற உங்கள் மேல் எல்லை, அந்த ஒருவர் எத்தனை முறை சீட்டில் விழுந்தார் என்பதைப் பொறுத்தது. மற்ற 11 பேருக்கும் அதில் பெரிய பங்கில்லை. இப்படி மேடுகள் தெரிந்தால் இடைவெளியை அறிக்கையில் போடும்போது படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி: அப்படியென்றால், என் தரவில் 15 பேர்தான் இருக்கிறார்கள் என்ற கவலையே வேண்டாம் போலிருக்கிறதே. 10,000-க்குப் பதில் 1,00,000 முறை ஓடவிட்டால் இடைவெளி சுருங்கிவிடும் இல்லையா?

பதில்: சுருங்காது. மறுமாதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால், இன்று ஓட்டினால் 11.75, நாளை ஓட்டினால் 11.83 என்று ஆடுவது மட்டும்தான் நிற்கும். இடைவெளியின் அகலம் உங்கள் 15 பேரிடமிருந்து வருகிறது. பூட்ஸ்ட்ராப்புக்கு அந்த 15 பேரைத் தவிர வேறு யாரையும் தெரியாது. 50 நாள் தங்கும் நோயாளிகள் வெளியில் இருந்து, உங்கள் மாதிரியில் ஒருவர்கூட அகப்படவில்லை என்றால், எத்தனை லட்சம் முறை எடுத்தாலும் அந்த 50 வராது. மேலே உள்ள தரவில் அந்த 36 தற்செயலாக விடுபட்டிருந்தால், 11 பேரை வைத்து சராசரி 3.3, குறுகலான அழகான ஒற்றை மேடு, ஒரு எச்சரிக்கையும் இல்லை. பார்க்க மிக நன்றாக இருக்கும், ஆனால் தவறாக இருக்கும். இப்படி ஒரு பக்கம் மட்டும் நீளும் கோணலான தரவில் சிறு மாதிரியின் ஆபத்து இங்கேதான். 95 சதவீதம் என்று எழுதியிருக்கும், உண்மைச் சராசரியைப் பிடிப்பதோ அதற்குக் குறைவான தடவைதான்.

கேள்வி: இதற்கு எதற்கு இவ்வளவு பாடு? லாக் எடுத்தால் கோணல் சரியாகிவிடும். லாக்கில் இடைவெளி போட்டு, திரும்ப மாற்றிக்கொண்டால் மைனஸும் வராது. நான் ஆன்டிபாடி அளவுகளுக்கு எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

பதில்: ஆன்டிபாடி அளவுக்கு நீங்கள் செய்வது சரி. அது இரட்டிப்பு இரட்டிப்பாக ஏறும் அளவு, அங்கே பெருக்குச் சராசரிதான் கேட்கப்படும் எண். அதை மாற்ற வேண்டியதில்லை.

தங்கும் நாட்களில் கேள்வி வேறு. லாக் எடுத்துத் திரும்ப மாற்றினால் கிடைப்பது பெருக்குச் சராசரியின் இடைவெளி. இந்த 12 பேருக்குப் பெருக்குச் சராசரி சுமார் 3.6. வார்டை நடத்துபவர் கேட்பது எத்தனை படுக்கை நாட்கள் தேவை என்று. 3.6-ஐ 12-ஆல் பெருக்கினால் 43 நாள், உண்மையில் செலவானது 72 நாள். 29 நாட்களுக்குக் கணக்கில் இடமே இல்லை. மொத்தம் தேவைப்படும் இடத்தில் சாதாரணச் சராசரியைத்தான் மதிப்பிட வேண்டும், அதற்கு இந்த லாக் வழி உதவாது. சிகிச்சைச் செலவுக்கும் இதே கதைதான்.

கேள்வி: சராசரியை விட்டுவிட்டு இடைநிலையைப் பூட்ஸ்ட்ராப் செய்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே?

பதில்: ஒரு சாதாரண நோயாளி எவ்வளவு நாள் தங்குகிறார் என்பதுதான் கேள்வி என்றால் இடைநிலை நல்ல தேர்வு, இங்கே அது 3. அந்த 36 அதை அசைக்காது. ஆனால் படத்தைப் பார்த்தால் வேறொரு சிக்கல் தெரியும். இடைநிலை 2, 2.5, 3, 3.5, 4 என்று ஒரு சில மதிப்புகளில் மட்டுமே உட்காரும், அதனால் எல்லைகள் படிப்படியாகத் தாவும். முழு நாட்களாகப் பதிவான சிறு தரவில், வரிசை எண்களை வைத்து நேரடியாக இடைநிலைக்கு இடைவெளி போடும் பழைய முறையே போதும் என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கள் தரவில் 200 வரிசை இருக்கிறது, ஆனால் நோயாளிகள் 70 பேர்தான். சிலர் நாலைந்து தடவை சேர்ந்திருக்கிறார்கள். சதமான முறை இடைவெளி மிகக் குறுகலாக வந்தது, சந்தோஷப்பட்டேன். ஒருவர் அது தப்பு என்கிறார்.

பதில்: அவர் சொல்வது சரி. நீங்கள் 200 வரிசைகளையும் தனித்தனி ஆட்களாகக் கலக்கி எடுத்திருக்கிறீர்கள். நீண்ட நாள் தங்கும் ஒருவர் அடுத்த முறையும் நீண்ட நாள் தங்கத்தான் வாய்ப்பு அதிகம், அவருடைய ஐந்து வரிசைகள் ஐந்து புதிய செய்திகள் ஆகாது. 70 நோயாளி எண்களிலிருந்து திரும்பப் போட்டு 70 எண்களை எடுங்கள். எடுத்த ஒவ்வொருவருக்கும் அவருடைய எல்லா வரிசைகளையும் ஒன்றாகச் சேருங்கள், ஒருவர் இரு முறை வந்தால் அவர் வரிசைகளும் இரு முறை. பிறகு சராசரி. இடைவெளி அகலமாகத்தான் வரும், அதுதான் உண்மையான அகலம். கொத்துக் கொத்தாக எடுத்த கணக்கெடுப்பிலும் இதேபோல் கொத்தையே எடுக்க வேண்டும். கொத்துகள் ஏழு எட்டுதான் என்றால் அந்த முறையும் தள்ளாடும்.

கேள்வி: சதமான முறை கோணலை முழுதாகச் சரிசெய்வதில்லை என்று உங்களுக்குத் தெரியும். கோணலுக்கு ஏற்ப எல்லைகளை நகர்த்தும் BCa-வையோ பூட்ஸ்ட்ராப்-t-யையோ முதலிலேயே சொல்லியிருக்கலாமே? 12 பேர் என்றால் நான் காமா பரவல் வைத்து மாதிரிப்படுத்துவேன், பூட்ஸ்ட்ராப் பக்கமே போக மாட்டேன்.

பதில்: சதமான முறையின் மேல் எல்லை கோணலான தரவில் போதுமான அளவு மேலே போவதில்லை என்பது உண்மை. புள்ளியியலாளர் எஃப்ரான் 1979-இல் பூட்ஸ்ட்ராப்பைக் கொண்டுவந்தார், 1987-இல் அவரே BCa திருத்தத்தைத் தந்தார். இந்த 12 பேருக்கு BCa போட்டால் சுமார் 3 முதல் 17 வரை வரும். சரியான திசையில்தான் நகர்கிறது. ஆனால் அந்த 17 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அது சுமார் 99.85-ஆவது சதமானம். 10,000 மறுமாதிரிகளில் அதற்கு மேலே சுமார் 15-தான் இருக்கும், 2,000 ஓட்டினால் மூன்று. அவையெல்லாம் 36 ஐந்து முறையோ அதற்கு மேலோ விழுந்த அபூர்வமானவை. 2,000 ஓட்டினால் boot.ci `Some BCa intervals may be unstable` என்று எச்சரிக்கும், அதைப் பலர் படிக்காமல் நகர்ந்துவிடுகிறார்கள். 100 பேருக்கு மேல் இருந்து, படம் ஒற்றை மேடாக வந்தால் நான் BCa-வைத்தான் எடுப்பேன். விலகலை அந்தந்த மறுமாதிரியின் திட்டப் பிழையால் வகுக்கும் பூட்ஸ்ட்ராப்-t, உண்மைச் சராசரியைப் பிடிப்பதில் அதைவிட நன்றாக இருக்கலாம், ஆனால் 36 வராத மறுமாதிரிகளில் திட்டப் பிழை மிகச் சிறிதாகிவிடுவதால், 12 பேரில் அதன் மேல் எல்லை யாரும் பயன்படுத்த முடியாத உயரத்துக்குப் போகும்.

காமா பற்றி உங்களோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. வாலின் வடிவத்தை நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவருகிறீர்கள். அந்த வடிவம் இதே போன்ற வார்டுகளின் பெரிய தரவிலிருந்து வந்தால் நல்லது, நானும் அதையே செய்வேன். இந்த 12 பேரை வைத்து மட்டும் காமா சரி, லாக்நார்மல் தப்பு என்று யாராலும் பிரிக்க முடியாது, இரண்டும் தரும் மேல் எல்லைகளோ வேறு வேறு. பரவலைப் பற்றி எதுவுமே ஊகிக்காமல் சராசரிக்கு எப்போதும் நம்பத்தக்க இடைவெளி தரும் முறை இல்லை என்று பகதூர், சாவேஜ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1956-லேயே நிரூபித்துவிட்டார்கள், ஆகவே யாரோ எங்கோ ஊகிக்கத்தான் வேண்டும். இந்த வார்டுக்கு எந்த ஊகம் சரி என்பதில் நீங்களும் நானும் வேறுபடலாம். முதலில் கேட்டவரிடம் முந்தைய ஆண்டுகளின் பதிவுகள் இருந்தால் அவற்றில் நீண்ட நாள் தங்கியவர்களை எண்ணிச் சொல்லட்டும், அப்போது இதைத் திரும்பப் பேசலாம்.