கேள்வி–பதில்: சுவரில் ஒட்டிப் பார்த்த படம்

கடையின் இணையப் பக்கத்தில் சோபாவுக்கு மேலே படம் பாதி சுவரை நிறைத்தது. வந்ததோ சின்னதாக இருக்கிறது. 50 செ.மீ. அகலம் என்று கீழே எழுதியிருந்தார்கள். தப்பு என்னுடையதா?

உங்களுடையது இல்லை. எல்லா அளவுக்கும் ஒரே ஹால் படத்தைப் போட்டு விற்பதுதான் எனக்குத் தீராத கோபம். அந்தப் படத்தைச் சேமித்து, சோபாவையும் ஃபிரேமையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். மூன்று பேர் உட்காரும் சோபா சுமார் 2 மீட்டர் இருக்கும். ஃபிரேம் அதில் பாதி தெரிந்தால், அவர்கள் காட்டியது குறைந்தது 100 செ.மீ. படம். சோபா சுவருக்கு முன்னால் தள்ளி நிற்பதால் அது கொஞ்சம் பெரிதாகத் தெரியும். அதனால் கணக்கு உங்கள் பக்கம்தான் சாயும். இதை எழுதி, படத்தையும் இணைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

வாங்கும் முன் எங்கள் ஹால் போட்டோவில் படத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அளவு சரியாக வருவது எப்படி?

ஒரு ஏ4 தாள் போதும். படம் வரப்போகும் இடத்தில் அதைப் படுக்கைவாக்கில் ஒட்டுங்கள். அதன் நீளம் 29.7 செ.மீ. போனைத் தாளின் உயரத்துக்குப் பிடித்து, சுவருக்கு நேர் எதிரே, நன்றாகப் பின்னால் நின்று எடுங்கள். 0.5x வேண்டாம், அது ஓரங்களை இழுத்துவிடும். போட்டோவில் தாளின் இடது, வலது ஓரங்கள் ஒரே உயரமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சாய்ந்து எடுத்திருக்கிறீர்கள், திரும்ப எடுங்கள்.

தாள் போட்டோவில் 297 பிக்சல் நீளம் வந்தால் ஒரு செ.மீ.க்கு 10 பிக்சல். இனி எந்தப் படத்தையும் இந்தக் கணக்கில் சுருக்கி வைக்கலாம். ஆனால் பிரிண்டின் அளவை வைக்காதீர்கள், ஃபிரேமின் வெளி அளவை வையுங்கள். 50×70 பிரிண்டைச் சுற்றி 5 செ.மீ. மவுண்ட், 2 செ.மீ. சட்டம் என்றால் அது 64×84 ஆகிவிடும், அதாவது 640×840 பிக்சல். நான் இதை விட்டுவிட்டு ஒன்று வாங்கினேன். ஃபிரேம் ஸ்விட்ச் போர்டு மேல் ஏறி நின்றது. அந்தப் படம் இன்னும் அலமாரிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அப்புறம், தாளை உடனே எடுத்துவிடாதீர்கள். படத்தின் வெள்ளை ஓரம் போட்டோவில் தெரியும் தாளைவிடப் பளிச்சென்று இருந்தால், தாளின் வெள்ளைக்கு வரும்வரை படத்தின் வெளிச்சத்தைக் குறையுங்கள். மாலை விளக்கில் தாளே மஞ்சளாகத் தெரிந்தால் படத்துக்கும் அந்த மஞ்சள் வேண்டும். வீட்டில் மாட்டியதும் படம் மங்கலாகத் தெரிகிறது என்று வரும் புகார்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

ஹால் போட்டோவில் கண்ணளவில் ஒட்டிப் பார்த்து, என் அளவுக்கே செய்து தரச் சொல்லி வாங்கினேன். பெரிதாகிவிட்டது. திருப்பித் தரலாமா?

நீங்கள் கொடுத்த அளவில்தானே செய்திருக்கிறார்கள், கடைக்காரரை விட்டுவிடுங்கள்.