வாஷிங் மெஷின்: வாடகையா, சொந்தமா?

கேள்வி: சென்னையில் ஒன்றரை வருட வேலை. ஆன்லைனில் ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின் மாதம் 1,000 ரூபாய் வாடகை, 2,000 டெபாசிட், 12 மாதத் திட்டம் என்கிறார்கள். அதே அளவில் புதியது 26,000. எது லாபம்?

பதில்: உங்கள் கணக்குக்குச் சொந்தமாக வாங்குவதே மேல். விளம்பரத்தில் போடும் வாடகை பெரும்பாலும் வரி சேராதது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் மாதம் 1,180. பதினெட்டு மாதத்துக்கு 21,240. வாங்கினால் ஸ்டாண்டு, குழாய் இணைப்புக்கு 1,500 என்று வைத்தாலும் மொத்தம் 27,500. கிளம்பும்போது 6,260 ரூபாய்க்கு மேல் என்ன விலைக்கு விற்றாலும் வாங்கியதுதான் லாபம். ஒன்றரை வருடமே ஓடிய மெஷினுக்கு அந்த விலை தாராளமாகக் கிடைக்கும்.

வேலை எட்டு மாதத்திலேயே முடிந்துவிடும் என்றால் கதை மாறும். வாடகை 9,440தான் ஆகும். சொந்த மெஷினை 18,060க்கு மேல் விற்றால்தான் அதற்கு ஈடாகும், அது கஷ்டம். ஆனால் 12 மாதத் திட்டத்தை நடுவில் முறித்தால், குறுகிய காலத் திட்டத்தின் வாடகைக்கும் நீங்கள் கட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பல நிறுவனங்கள் முதல் மாதத்திலிருந்தே கணக்கிட்டு வாங்கும். ஆறு மாதத் திட்டத்தின் வாடகை மாதம் 1,300 என்றால் எட்டு மாதத்துக்கு வித்தியாசம் 2,400, வரி தனி. உங்கள் டெபாசிட்டை அதுவே விழுங்கிவிடும். எத்தனை மாதம் தேவையோ அத்தனைக்கே திட்டம் எடுங்கள்.

சேத விதியில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். சேதச் செலவிலிருந்து விலக்கு தரும் "டேமேஜ் வேய்வர்" என்று மாதாமாதம் கட்டினாலும் எலி கடித்த வயர், தண்ணீர் புகுந்த போர்டு, காணாமல் போன பாகம் அதில் அடங்குகிறதா என்று விதிமுறையில் தேடிப் படியுங்கள். அடங்காவிட்டால் அந்தப் பணம் தண்டம்.

வாடகைக்கு வருவது பெரும்பாலும் ஏற்கெனவே ஓடிய மெஷின். இறக்கியதும் சீரியல் எண் ஸ்டிக்கர், நான்கு பக்கம், டிரம் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். கதவின் ரப்பர் வளையத்தை விரலால் விரித்து அடி மடிப்பைப் பாருங்கள். கறுப்புப் பூசணமும் கிழிசலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். துணி போடாமல் ஒரு முறை ஸ்பின் ஓட விட்டு, ஆட்டமோ உரசல் சத்தமோ வந்தால் அதையும் பதிவு செய்து அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். சாட்டில் சொன்னது பின்னால் கிடைக்காமல் போகலாம்.

வீடு மாறினால் நீங்களே தூக்கிப் போகாதீர்கள். ஃப்ரன்ட் லோடு டிரம் ஸ்பிரிங்கில் தொங்குவது; டிரம்மை அசையாமல் பிடிக்கும் டிரான்சிட் போல்ட்டைப் பின்புறம் பூட்டாமல் வண்டியில் ஏற்றினால் குலுங்கி சஸ்பென்ஷன் போய்விடும், பழி உங்கள் மேல் விழும். நிறுவனமே இடம் மாற்றித் தருமா, கட்டணம் எவ்வளவு என்று முன்பே எழுத்தில் கேளுங்கள். சொந்த மெஷின் என்றால் அந்த போல்ட்டுகளை இன்ஸ்டாலேஷன் அன்றே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

காரணம் எழுதித் தராமல் டெபாசிட்டைப் பிடித்தால், அந்த வீடியோவோடு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.