707 ராண்ட் காட்டிய பயணம் 820-இல் முடிந்தது ஏன்?

கேள்வி: பெரிய வெள்ளியன்று சாட்ஸ்வொர்த்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயிலுக்குத் தீமிதி பார்க்கப் போனோம். செயலியில் வண்டி கேட்டபோது 707 ராண்ட் காட்டியது. வழியில் பைன்டவுனில் அக்காவை ஏற்றிக்கொண்டோம். கோயில் வாசலில் இறங்கினால் 820 ராண்ட். கேட்டதற்கு, "இன்றைக்கு சர்ஜ் அம்மா" என்கிறார் ஓட்டுநர். ரசீதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை. ஆனால் ஓட்டுநர் சொன்ன காரணம் முக்கால்வாசி தவறு. சர்ஜ் என்பது, இருக்கும் வண்டிகளைவிடக் கேட்பவர்கள் அதிகமாகும்போது செயலி கட்டணத்தை ஒரு மடங்கால் பெருக்குவது. கூடுதலாகப் போன 113 ராண்டில் சர்ஜின் பங்கு சுமார் இருபது ராண்ட்தான். சர்ஜ் உங்களிடம் பெரிய தொகையை வாங்கியது உண்மை. ஆனால் அதை வாங்கியது இறங்கும்போது அல்ல, நீங்கள் "சரி" என்று அழுத்தியபோதே. 707 என்ற எண்ணுக்குள்ளேயே அது உட்கார்ந்திருந்தது.

உங்கள் ரசீதிலுள்ள விகிதங்களை வைத்தே பார்க்கலாம். அடிப்படைக் கட்டணம் 10 ராண்ட், கிலோமீட்டருக்கு 7 ராண்ட், நிமிடத்துக்கு 80 சென்ட். நீங்கள் கேட்ட நேரத்தில் செயலி கணக்கிட்ட பாதை 70 கிலோமீட்டர், 55 நிமிடம். தூரத்துக்கு 490, நேரத்துக்கு 44, அடிப்படை 10. ஆக 544 ராண்ட். அந்த நேரத்தில் சர்ஜ் 1.3 மடங்கு. 544-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 707 ராண்ட் 20 சென்ட். சாதாரண நாளில் 544-க்குப் போயிருக்க வேண்டிய பயணம் அது. சர்ஜுக்கு நீங்கள் கொடுத்தது 163 ராண்ட். திரையில் 707-ஐப் பார்த்ததும் அதுதான் வழக்கமான விலை என்று நினைத்துவிட்டீர்கள், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இனி அந்த 113-க்கு வருவோம். முன்கூட்டிக் காட்டும் விலை ஒரு குறிப்பிட்ட பாதைக்கான விலை: இந்த இடத்தில் ஏறி, அந்த இடத்தில் இறங்குவது, நடுவில் எங்கும் நிற்காமல். போகுமிடம் மாறினாலோ, நடுவில் ஒரு நிறுத்தம் சேர்ந்தாலோ, பயணம் எதிர்பார்த்ததைவிட மிகவும் நீண்டாலோ செயலி அந்த விலையைக் கைவிட்டு, உண்மையில் ஓடிய தூரத்தையும் ஆன நேரத்தையும் வைத்துப் புதிதாகக் கணக்கிடும். பைன்டவுன் நிறுத்தத்தைச் சேர்த்தவுடன் உங்களுக்கு நடந்தது இதுதான்.

ஓடிய தூரம் 76 கிலோமீட்டர். பைன்டவுன் ஊருக்குள் போய் வந்ததில் ஆறு கிலோமீட்டர் கூடியது. அதற்கு 42 ராண்ட். மொத்த நேரம் 88 நிமிடம். அக்கா வீட்டு வாசலில் நின்ற நேரமும், விடுமுறைக் கூட்டத்தில் N3 சாலையில் ஊர்ந்த நேரமும் சேர்ந்து 33 நிமிடம் கூடியது. அதற்கு 26 ராண்ட் 40 சென்ட். இரண்டும் சேர்ந்து 68 ராண்ட் 40 சென்ட். இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வண்டி கேட்டபோது இருந்த 1.3 மடங்கு, புதுக் கணக்கிலும் அப்படியே தொடர்ந்தது. அதனால் 68.40 என்பது 88 ராண்ட் 92 சென்ட் ஆனது. பைன்டவுனில் வண்டி சும்மா நின்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் சர்ஜ் விலை கொடுத்திருக்கிறீர்கள்.

மீதி இரண்டும் சிறியவை. சாட்ஸ்வொர்த்தில் உங்கள் வாசலுக்கு வண்டி வந்து ஒன்பது நிமிடம் நின்றது. அந்தச் செயலியில் முதல் இரண்டு நிமிடம் இலவசம். மீதி ஏழு நிமிடத்துக்கு நிமிடம் ஒரு ராண்ட் வீதம் 7 ராண்ட். மாரியன்ஹில் டோல் 17 ராண்ட். 88.92 உடன் 7, 17 சேர்த்தால் 112.92. 707.20-ஐக் கூட்டிப் பாருங்கள், 820.12 வருகிறது. கணக்கு இடிக்கவில்லை.

டோல் மீது சர்ஜ் ஏறியிருக்கிறதா என்பதை மட்டும் எப்போதும் தனியாகப் பாருங்கள். டோல் என்பது சாவடியில் கொடுத்த காசு, அது எந்த மடங்காலும் பெருகக் கூடாது. உங்கள் ரசீதில் பெருகவில்லை. நம் நாட்டு டோல் கட்டணங்கள் பொதுவாக ஆண்டுதோறும் மார்ச்சில் மாறும். ஆகவே பழைய தொகையை மனதில் வைத்துக்கொண்டு சண்டை போடாமல், சாவடிப் பலகையில் இலகுரக வண்டிக்குப் போட்டிருக்கும் அன்றைய தொகையோடு ஒப்பிடுங்கள்.

அடுத்த ஆண்டும் அக்காவை ஏற்றிக்கொண்டுதான் போவீர்கள் என்றால், வண்டி கேட்பதற்கு முன்பே பைன்டவுனை நிறுத்தமாகச் சேர்த்துவிடுங்கள். அப்போது காட்டும் விலையில் அந்த ஆறு கிலோமீட்டர் அடங்கியிருக்கும், வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே முடிவெடுக்கலாம். நடுவழியில் சேர்த்தால் அந்த வாய்ப்பு கையைவிட்டுப் போய்விடும். அக்காவை வாசலில் தயாராக நிற்கச் சொல்லுங்கள். நிறுத்தங்களில் வண்டி சில நிமிடங்களுக்கு மேல் நின்றால் செயலிகள் அதையும் கணக்கில் ஏற்றுகின்றன. சர்ஜைக் குறைக்க ஒரே நேர்மையான வழி நேரத்தை மாற்றுவது. விலையைப் பார்த்துவிட்டு அழுத்தாமல் விடுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஓட்டுநர்கள் அந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தால் மடங்கு இறங்கும். திரும்பி வரும்போது கோயில் வாசலிலேயே வண்டி கேட்காமல், கூட்டத்தைத் தாண்டி இரண்டு மூன்று தெரு நடந்து போய்க் கேளுங்கள். வண்டி உள்ளே வர முடியாமல் தவிக்கும் காத்திருப்பு நேரமாவது மிச்சமாகும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. "மதிப்பீட்டைவிடக் கூடுதலாக வாங்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறதே" என்று பலர் வாதாடுகிறார்கள். 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டத்தில் 15-ஆம் பிரிவு அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் அது உங்கள் பொருளைப் பழுதுபார்க்கும் வேலைகளுக்கானது. கார் மெக்கானிக்கிடம் அந்தப் பிரிவு செல்லும், பயணக் கட்டணத்துக்குச் செல்லாது. பயணத்துக்குப் பொருந்துவது தேசியத் தரைவழிப் போக்குவரத்துச் சட்டத் திருத்தம். அதன் விதிகள் 2025 செப்டம்பரில் அரசிதழில் வந்தன. தூரத்தையும் நேரத்தையும் வைத்து மதிப்பீட்டை முன்பே மின்னணு வழியில் தெரிவிக்க வேண்டும், பயணம் முடிந்ததும் இறுதித் தொகையையும் அப்படியே தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆகையால் நீங்கள் கேட்க வேண்டியது "ஏன் கூடியது" என்பதை அல்ல, "எந்த வரியில் எவ்வளவு கூடியது" என்பதை.

கேள்வி: வண்டிக்கு ரொக்கமாகக் கொடுத்தேன். செயலியில் காட்டிய தொகைக்கு மேல் "போக வர டோல்" என்று ஓட்டுநர் தனியாக 34 ராண்ட் வாங்கிக்கொண்டார். கொடுத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ரொக்கப் பயணத்திலும் இறுதித் தொகை செயலி காட்டுவதுதான். போகும் டோல் அதில் ஏற்கெனவே சேர்ந்திருந்தால், கையில் கொடுத்தது இரண்டாம் முறை. சேரவில்லை என்றால் ஓட்டுநர் அதைச் செயலி வழியாகக் கேட்டுப் பெற வேண்டும், உங்கள் கையிலிருந்து அல்ல. வெறும் வண்டியாகத் திரும்பும்போது அவருக்கு டோல் ஆகிறது என்பது உண்மை, அவர் சிரமம் புரிகிறது. ஆனால் அந்த வரி ரசீதில் இல்லை என்றால் அது உங்கள் கடன் அல்ல. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: கௌடெங் நெடுஞ்சாலைகளின் இ-டோல் 2024 ஏப்ரலோடு நின்றுவிட்டது. அந்தப் பெயரில் யாரும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் வாசலில்தான் நின்றேன். வண்டி வரவே இல்லை. ஆனால் ரசீதில் காத்திருப்புக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். எப்படித் திரும்பப் பெறுவது?

பதில்: பெரும்பாலும் வரைபடத்தில் ஊசி தவறான இடத்தில் விழுந்திருக்கும். ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களில் ஒரு வீட்டின் பின்சுவரை ஒட்டி வேறொரு சாலை ஓடும். முகவரியைத் தட்டச்சு செய்தால் ஊசி அந்தப் பின் சாலையில் போய் நிற்கும். ஓட்டுநர் அங்கே வந்து "வந்துவிட்டேன்" என்று அழுத்தியதும் காத்திருப்புக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் வாசலில் நிற்பது அதற்குத் தெரியாது.

இதைப் பயணம் முடிந்த பிறகு நிரூபிப்பது கடினம், அந்த நேரத்திலேயே நிரூபிப்பது எளிது. வந்துவிட்டதாக அறிவிப்பு வந்தும் வண்டி கண்ணில் படவில்லை என்றால், நேரமும் வண்டியின் இடமும் தெரியும்படி திரையைப் படமெடுங்கள். பிறகு செயலியின் உரையாடல் வழியாகவே "நான் முன்வாசலில் இருக்கிறேன், வண்டி இங்கே இல்லை" என்று எழுதுங்கள். சொந்தத் தொலைபேசியில் பேசினால் நிறுவனத்திடம் பதிவு இருக்காது.

பிறகு செயலியில் அந்தப் பயணத்தைத் திறந்து, உதவிப் பகுதியில் கட்டணத்தை மறுபரிசீலனை செய்யக் கேளுங்கள். "அதிகம் வாங்கிவிட்டீர்கள்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். "காத்திருப்பு 9 ராண்ட். ஏறுமிடம் முன்வாசல். வண்டி பின்சாலையில் நின்றது. படம் இணைத்துள்ளேன்" என்று எழுதுங்கள். அதே ரசீதில் பயணம் முடிந்த நேரத்தையும் இடத்தையும் ஒரு தரம் பாருங்கள். நீங்கள் இறங்கிய பிறகும் வரைபடத்தில் பயணக் கோடு நீண்டு போயிருந்தால், ஓட்டுநர் பயணத்தை முடிக்க மறந்திருக்கிறார். அதற்கும் தனியாகத் திரும்பக் கேட்கலாம், பெரும்பாலும் காத்திருப்பைவிட அதுதான் பெரிய தொகையாக இருக்கும். நிறுவனம் மறுத்தாலோ பதிலே தராவிட்டாலோ, அந்த உரையாடலையும் ரசீதையும் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகவே புகாராகக் கொடுக்கலாம். முதலில் நிறுவனத்திடம் முறையிட்டதற்கான சான்றை அவர்கள் கேட்பார்கள், அதனால் எல்லாவற்றையும் எழுத்திலேயே வைத்திருங்கள்.